கோத்தகிரிப் பக்கம் குடிவருபவர்களுக்கு: வணக்கம் சொன்ன கையோடு பேரைப் பிடித்துக்கொள்வது

மலேசியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வளைகுடாவிலிருந்தோ வந்து கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் வீடு எடுக்கும் நம்மவர்கள், கேஸ் இணைப்பு, தண்ணீர், கரண்ட் பில் எல்லாவற்றையும் முதல் மாதத்திலேயே எப்படியோ சமாளித்துவிடுகிறார்கள். மாட்டிக்கொள்வது அக்கம்பக்கத்தாரின் பேரில்தான். ஒரே சாலையில் ஒரு படுகர் வீடு, அடுத்தது இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பம், முக்கில் மலையாளம் பேசும் பேக்கரிக்காரர் என்று கலந்திருக்கும் ஊர் இது. போஜன், பெள்ளி, ஜோகி, மாதன், லிங்கன் போன்ற பேர்களைப் புதிதாக வருகிறவர்களில் பலர் அதுவரை அதிகம் கேட்டிருக்க மாட்டார்கள். முன்பே தெரிந்த பேர் என்றால் ஒரு தரம் கேட்டாலே ஒட்டிக்கொள்ளும். புதுப் பேர் காது வரைக்கும் வந்துவிட்டு அப்படியே திரும்பிப் போய்விடும்.

இதில் நம் வழக்கமும் சேர்ந்து காலை வாரும். பெரியவர்களை நாம் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘அண்ணா’, ‘அக்கா’, ‘ஐயா’, ‘சார்’ என்றே ஆறு மாதம் ஓட்டிவிடலாம். வெளிநாட்டில் நடத்தும் பயிற்சிகளில் ‘பேச்சின் நடுவே அவர் பேரை நாலைந்து தரம் சொல்லுங்கள்’ என்பார்கள். அதை நம்பி அறுபது வயதுக்காரரிடம் ‘போஜன், நல்லா இருக்கீங்களா போஜன்?’ என்று கேட்டால் அவர் முகம் எப்படிப் போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. சரி, ‘அண்ணா’ என்றே இருந்துவிட்டால் என்ன? மூன்றாவது ஆளிடம் அவரைப் பற்றிச் சொல்ல வேண்டிய நாளில் குட்டு வெளிப்படும். தண்ணீர் பைப் உடைந்து, சரிசெய்ய வந்தவர் ‘யார் தோட்டத்து வழியா லைன் போகுது?’ என்று கேட்பார். ‘அந்த அண்ணன்’ என்றால் அவருக்கு என்ன புரியும்? ஆகவே நமக்கு வேண்டியது, பேரை அதிகம் வாய்விடாமலேயே மனதில் நிறுத்தும் வழி.

முதலில் பேர் தொலைவது எங்கே என்று பாருங்கள். பெரும்பாலும் அதை நாம் மறப்பதில்லை, வாங்குவதே இல்லை. 1973-இல் மால்கம் பிரென்னர் என்ற உளவியலாளர் வட்டமாக ஆட்களை உட்காரவைத்து, ஆளுக்கொரு சொல்லாக வரிசையாகப் படிக்கவைத்தார். பிறகு கேட்டபோது, தன் முறைக்குச் சற்று முன்னால் படிக்கப்பட்ட சொற்கள்தான் ஒவ்வொருவருக்கும் மோசமாக நினைவில் இருந்தன. அடுத்து நாம் பேச வேண்டுமே என்ற தயாரிப்பில் கவனம் போய்விடுகிறது. அறிமுகத்தில் நடப்பதும் இதேதான். அவர் பேரைச் சொல்லும் அந்த நொடியில் நாம் கையைக் கூப்பலாமா, குலுக்கலாமா, எந்த ஊர் என்று கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கிறோம்.

இதற்கு மருந்து எளிது. உங்கள் பக்கத்துப் பேச்சை முதலில் முடித்துவிடுங்கள். ‘வணக்கங்க, நான் மேல் வீட்டுக்குப் புதுசா வந்திருக்கேன், பேர் இன்னார்’ என்று சொல்லிவிட்டு, அதன் பிறகு ‘நீங்க?’ என்று கேளுங்கள். சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று, இனி மனதுக்கு வேறு வேலையில்லை. அவர் முந்திக்கொண்டு சொல்லிவிட்டாலும் பரவாயில்லை. உங்கள் பேச்சு முடிந்ததும் ‘பேர் சரியாக் காதுல விழல, இன்னொரு தரம் சொல்லுங்க’ என்று கேளுங்கள். முதல் நிமிடத்தில் இதைக் கேட்டால் மரியாதையாகவே எடுத்துக்கொள்வார்கள். மூன்றாம் சந்திப்பில் கேட்டால்தான் சங்கடம்.

வாய்விட்டுச் சொல்ல வேண்டியது ஒரே ஒரு முறை, அதையும் கேள்வியாகச் சொல்லலாம்: ‘போஜன் அண்ணன்தானே?’ உறவுமுறை சேர்ந்துவிட்டால் பேர் சொன்ன குற்றமும் இல்லை, தப்பாகக் கேட்டிருந்தால் அவரே திருத்துவார். ‘மாதன்’ என்றதை ‘மாதவன்’ என்று எடுத்துக்கொண்டு ஒரு வருடம் அப்படியே கூப்பிடுகிறவர்கள் இங்கே உண்டு. நாமாகக் கேட்காவிட்டால் மலைக்காரர்கள் அதைத் திருத்தவும் மாட்டார்கள், சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

இனி முக்கியமான வேலை, அது சத்தமில்லாமல் நடக்கும். கேட்ட பேரை மனதுக்குள் ‘போஜன், போஜன், போஜன்’ என்று உருப்போடுவதில் பயன் குறைவு. பேரைக் கொஞ்சம் விட்டுவிட்டு, பிறகு தேடி எடுக்க வேண்டும். அந்தத் தேடல்தான் நினைவை இறுக்குகிறது. 1978-இல் தாமஸ் லாண்டவர், ராபர்ட் பியோர்க் இருவரும் பேர்களை வைத்தே இதைச் சோதித்தார்கள். முதல் தேடல் உடனே, அடுத்தது சற்றுத் தள்ளி, அதற்கடுத்தது இன்னும் தள்ளி என்று இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போனபோது பேர் நன்றாகத் தங்கியது. முதல் தேடல் சீக்கிரம் வருவதால் பேர் தப்பாமல் கிடைக்கிறது. ஒவ்வொரு முறை கிடைத்ததும் அடுத்த இடைவெளியைத் தாங்கும் பலம் அதற்கு வருகிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையை வைத்துப் பார்ப்போம். ஆட்கள் கற்பனைதான். வீட்டுக்காரர் உங்களைக் கீழ் வீட்டுக்கு அழைத்துப் போகிறார். திண்ணையில் மூன்று பேர். ‘இவர் போஜன், தேயிலைத் தோட்டம் வச்சிருக்கார். இது அவர் அம்மா, மாசி அம்மா. இவங்க செல்வராணி, ஃபேக்டரியில வேலை.’ மூன்றும் ஒரே மூச்சில் வருகின்றன. நீங்கள் வணக்கம் சொல்லி, உங்களைப் பற்றிச் சொல்லி முடித்து, ‘போஜன் அண்ணன், மாசி அம்மா, அப்புறம் நீங்க செல்வராணி அக்கா, சரிதானே?’ என்று ஒரு சுற்று வருகிறீர்கள். உட்காரும்போது, பத்து நொடிக்குள், போஜன் முகத்தைப் பார்த்துப் பேரை மனதில் எடுங்கள், பிறகு மற்ற இருவர். டீ வரும்போது இன்னொரு சுற்று, அதற்குள் ஒரு நிமிடம் ஆகியிருக்கும். பச்சைத் தேயிலை விலை பற்றி அண்ணன் புலம்பத் தொடங்குவார் (தொடங்காமல் இருக்க மாட்டார்), மூன்று நான்கு நிமிடம் கழித்து மறுபடி ஒரு சுற்று. விடைபெறும்போது ஒன்று, வீட்டுக்கு ஏறிவரும் படிக்கட்டில் ஒன்று, இரவு படுக்கும் முன் ஒன்று, மறுநாள் காலை பல் துலக்கும்போது ஒன்று.

ஒரு சுற்றில் செல்வராணி பேர் வரவில்லை என்று வையுங்கள். ‘செ…’ என்று முதல் எழுத்து மட்டும் நிற்கும். அதற்கு மேல் மல்லுக்கட்ட வேண்டாம். அங்கேயே இருக்கும்போதே ‘அக்கா, செல்வ… என்ன சொன்னீங்க?’ என்று கேட்டுவிட்டு, அந்தப் பேருக்கு மட்டும் இடைவெளியை மறுபடி பத்து நொடிக்கு இறக்குங்கள். தவறான பேரை இரண்டு தரம் தேடி எடுத்துவிட்டால் அந்தத் தவறே பதிந்துபோகும், அதனால் சந்தேகம் வந்தால் அந்த இடத்திலேயே தீர்த்துக்கொள்வது நல்லது.

பலர் தவறவிடும் ஒன்று உண்டு. இரவில் மனதில் வரவேண்டியது முதலில் முகம், பிறகு பேர். பேரைச் சொல்லிவிட்டு முகத்தை நினைப்பது சுலபம், ஆனால் சாலையில் எதிர்ப்படும்போது நமக்குக் கிடைப்பது முகம்தானே. எந்தத் திசையில் தேவையோ அந்தத் திசையில் பழக வேண்டும். செல்போனில் எழுதிவைப்பதென்றாலும் பேரை நினைவிலிருந்து எடுத்த பிறகே எழுதுங்கள். ‘கீழ் வீடு, பச்சைக் கதவு, தோட்டம்’ என்று இடத்தையும் சேர்த்துப் போடுங்கள்.

பேரைத் தொழிலோடும் இடத்தோடும் கட்டுவதற்குக் காரணம் இருக்கிறது. 1987-இல் பிரிட்டிஷ் உளவியலாளர்கள் முகங்களைக் காட்டி, சிலருக்கு ‘பேக்கர்’ என்பதைப் பேராகவும், சிலருக்கு அதையே தொழிலாகவும் சொன்னார்கள். சொல் ஒன்றுதான், ஆனால் தொழிலாகச் சொன்னபோதே அதிகம் நினைவில் நின்றது. ரொட்டி சுடுபவர் என்றால் அடுப்பு, மாவு, வாசனை எல்லாம் கூடவே வரும். பேருக்கு அப்படி எதுவும் தொடர்ந்து வருவதில்லை, அதனால் நாமே ஏதாவது கொடுக்க வேண்டும். போஜன் என்றதும் போஜனம் ஞாபகம் வருகிறதா, அவர் திண்ணையில் இலை போட்டு ஊருக்கே பந்தி பரிமாறுவதாக ஒரு நொடி நினைத்துக்கொள்ளுங்கள். மாசி அம்மாவுக்கு மாசி மாதம் போதும். அபத்தமாக இருந்தால் தவறில்லை, ஆனால் ஆளின் உடற்குறையை வைத்து எதுவும் கட்டாதீர்கள். ஒருநாள் அது வாயில் வந்துவிடும்.

உடையிலும் கட்ட வேண்டாம். இது நீலகிரிக்கே உரிய எச்சரிக்கை. டிசம்பர் பனியில் குரங்குத் தொப்பியும் மஃப்ளரும் ஸ்வெட்டருமாக அறிமுகமாகும் ஆள், ஏப்ரலில் வெறும் சட்டையோடு வந்தால் யாரென்றே தெரியாது. மூக்கு, புருவம், குரல், நடை இவற்றில் கட்டினால் எந்தப் பருவத்திலும் கைகொடுக்கும்.

ஒரே ஹட்டியில், அதாவது படுகர் ஊரில், இரண்டு ஜோகி, மூன்று லிங்கன் இருப்பதும் சகஜம். அப்போது ஊர்ப் பேரும் அப்பா பேரும் கேட்டுக்கொள்ளுங்கள், இங்கே அது முறைதான். ஹெச்.பி. அரி கவுடர் என்ற பழைய படுகர் தலைவரின் பேரில் முதல் எழுத்து ஹுப்பத்தலை, அதாவது குன்னூர்ப் பக்கத்து உபதலை. அடுத்தது தந்தை பெள்ளி. ‘எந்த ஹட்டி, யார் வீட்டுப் பையன்?’ என்பது இங்கே வம்புக்குக் கேட்கும் கேள்வி இல்லை. பேரைப் பிடித்துவைக்கக் கூடுதலாக இரண்டு கொக்கி கிடைப்பது உங்களுக்கு லாபம்.

எண்ணிக்கையில் பேராசை வேண்டாம். கல்யாண வீட்டில் பதினைந்து பேரை வரிசையாகக் காட்டினால், அடிக்கடி பார்க்கப்போகிற இரண்டு மூன்று பேரை மட்டும் தேர்ந்து அவர்களுக்கே சுற்று வாருங்கள். மற்றவர்களுக்கு வணக்கமும் சிரிப்பும் போதும். எல்லாப் பேரையும் பிடிக்கப் போனால் இடைவெளித் தேடலுக்கே நேரம் இருக்காது.

இத்தனையும் செய்த பிறகும் மார்க்கெட்டில் எதிரே வருபவரின் பேர் வராமல் போகலாம். அப்போது தெரிந்ததை முதலில் சொல்லிவிட்டுக் கேளுங்கள்: ‘அண்ணா, கீழ் வீட்டுத் திண்ணையில டீ குடிச்சோம், விலை இறங்கிப்போச்சுன்னு சொன்னீங்க. பேர் மட்டும் நழுவிடுச்சு.’ தன்னை நினைவு வைத்திருக்கிறார் என்று தெரிந்துவிட்டால் பேரைத் திரும்பச் சொல்வதில் யாருக்கும் வருத்தமில்லை. அவர் சொன்னதும் பத்து நொடிச் சுற்றிலிருந்து மறுபடி தொடங்குங்கள். காய்கறிக்கு விலை கேட்டு முடிப்பதற்குள் இரண்டாவது சுற்று வந்துவிடும்.