அதிகப் பவர்: கண்ணாடிச் சீட்டிலிருந்து கான்டாக்ட் லென்ஸுக்கு மாறும்போது செய்யும் தவறுகள்

புதிதாக லென்ஸ் பொருத்தப் பழகுபவர்களிடம் சில தவறுகள் வருஷா வருஷம் அப்படியே திரும்பி வருகின்றன. வலது, இடது மாற்றி எழுதுவது, மைனஸ் குறியை விட்டுவிடுவது எல்லாம் நாலு நாளில் தானாகச் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

முதலில் காரணம். கண்ணாடி லென்ஸின் பின்பக்கத்துக்கும் கருவிழிக்கும் நடுவில் சுமார் 12 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும். இதுதான் வெர்டெக்ஸ் தூரம். கான்டாக்ட் லென்ஸில் இது கிடையாது. -10.00 கண்ணாடியின் குவியம் லென்ஸுக்கு முன்னால் 100 மி.மீ. தூரத்தில் இருக்கிறது. கருவிழியிலிருந்து அளந்தால் அதே புள்ளி 112 மி.மீ. கருவிழி மேலேயே உட்காரும் லென்ஸின் குவியமும் அந்தப் புள்ளியில்தான் விழ வேண்டும். 1000-ஐ 112-ஆல் வகுத்தால் 8.93. ஆக -10.00 கண்ணாடிக்காரருக்கு -9.00 லென்ஸ் போதும்.

பிளஸ் பவரையும் குறைப்பது

பிளஸில் குவியம் கண்ணாடிக்குப் பின்பக்கம் விழுகிறது. அதனால் 12-ஐக் கழிக்க வேண்டும், கூட்டக் கூடாது. +10.00 என்றால் 88 மி.மீ., அதாவது சுமார் +11.25. பவர் கூடும்.

3.00-க்கெல்லாம் கணக்குப் போடுவது

வேண்டாம். 4.00-லிருந்து ஆரம்பித்தால் போதும்.

ஸ்பியரை மட்டும் மாற்றி, சிலிண்டரை அப்படியே எழுதுவது

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருவது இதில்தான். கணக்குத் தெரியாதவர்கள் இதைச் செய்வதில்லை, பாதி தெரிந்தவர்கள்தான் செய்கிறார்கள்.

ஒரு கல்லூரி மாணவியின் சீட்டு: -8.00 / -3.00 x 180. எங்களிடம் பழகிக்கொண்டிருந்த பையன் 8.00-ஐ ஒழுங்காக 7.25 ஆக்கினான். சிலிண்டர் 3.00 அப்படியே நின்றது. பல கம்பெனிகளின் ரெடிமேட் டோரிக் லென்ஸ்களில் சிலிண்டர் 2.25 அல்லது 2.75-உடன் முடிந்துவிடும். அதனால் -7.25 / -3.00 என்று தனியாகச் செய்யச் சொல்லி ஆர்டர் போட்டுவிட்டான். அப்படிச் செய்த லென்ஸைத் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

சிலிண்டர் என்பது இரண்டு அச்சுகளுக்கு நடுவே உள்ள வித்தியாசம்தான். மாற்ற வேண்டியது இரண்டு அச்சுகளின் முழுப் பவரையும், தனித்தனியாக. படுக்கை அச்சில் -8.00: குவிய தூரம் 125, கூட 12, மொத்தம் 137. அது -7.30. நிமிர்ந்த அச்சில் -11.00: 91-உம் 12-உம் சேர்ந்து 103. அது சுமார் -9.72. இரண்டுக்கும் வித்தியாசம் 2.42தான். பவர் கூடக் கூடக் குறைவதும் கூடுவதால் சிலிண்டர் சுருங்குகிறது. ரெடிமேடிலேயே -7.50 / -2.25 எடுத்துப் போட்டுப் பார்த்திருக்கலாம். நிமிர்ந்த அச்சில் அது -9.75 வந்திருக்கும்.

அவன் வரவழைத்த லென்ஸில் அதே அச்சு -10.25. அரை டயாப்டர் அதிகம். அந்தப் பெண் "எழுத்துக்கு நிழல் விழுகிறது, சாயங்காலம் தலை வலிக்கிறது" என்றாள். இவன் லென்ஸ் சுழல்கிறது என்று நினைத்து, குறிக்கோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தான். கோடு இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தது.

இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. லென்ஸ் கண்ணில் இருக்கும்போதே மேலே பவர் பரிசோதித்துப் பாருங்கள். லென்ஸ் சுழன்றிருந்தால், மீதி வரும் சிலிண்டரின் ஆக்சிஸ் சாய்வாக, கிட்டத்தட்ட 45 டிகிரி தள்ளி விழும். சிலிண்டர் அதிகமாக இருந்தால், லென்ஸின் ஆக்சிஸுக்கு நேர் குறுக்கே வரும். இங்கே +0.50 / -0.50 x 90 வந்தது. அதற்கப்புறமும் குறிக்கோட்டைத் தேடுவது வீண் வேலை.

எல்லாச் சீட்டுக்கும் 12 என்று வைத்துக்கொள்வது

-10.00 வரைக்கும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் பெரிதாகப் படுத்தாது. -16.00-க்குப் பாருங்கள்: ட்ரையல் ஃபிரேம் 12 மி.மீ.யில் இருந்திருந்தால் லென்ஸ் சுமார் -13.50, மூக்கில் சரிந்து 15-இல் இருந்திருந்தால் -13.00. ஃபிரேமின் பக்கத்தில் அளவுகோல் இருக்கிறது, படித்துச் சீட்டில் எழுதி வையுங்கள்.

கிட்டத்தில் தெரியவில்லை என்றதும் பவரைக் குறைப்பது

நாற்பதைத் தாண்டிய -9.00 கண்ணாடிக்காரர் லென்ஸ் போட்டதும், "தூரம் நன்றாக இருக்கிறது, போன்தான் படிக்க முடியவில்லை" என்பார். கணக்குத் தப்பவில்லை. மைனஸ் கண்ணாடி கண்ணிலிருந்து விலகி இருப்பதால், கிட்டத்தில் பார்க்கக் கண் குறைவாகத்தான் உழைக்க வேண்டியிருந்தது. லென்ஸில் அந்தச் சலுகை இல்லை. தூரப் பவரில் கை வைக்காமல், படிக்க மட்டும் ஒரு சின்ன பிளஸ் கண்ணாடி கொடுங்கள். முக்கியமாக, இதை லென்ஸ் போடுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள், பிறகு சொன்னால் சமாளிப்பது போலத் தெரியும்.