இன்டர்ன்ஷிப் கட்டுரையா? திருத்தச் சொல்லித் திரும்பி வந்த வேலையிலிருந்து தொடங்குங்கள்

இன்டர்ன்ஷிப்பில் என்ன கற்றீர்கள் என்று கல்லூரிக்குக் கட்டுரை எழுதும் முன், மேற்பார்வையாளர் திருத்தச் சொல்லித் திருப்பி அனுப்பிய ஒரு வேலையை மெயிலில் தேடி எடுங்கள். முதலில் அனுப்பியதையும் திருத்தி அனுப்பியதையும் அருகருகே திறந்து வைத்து, எது மாறியது, முதலில் ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று எழுதுங்கள். கட்டுரையின் பாதி அதிலேயே வந்துவிடும்.

உதாரணத்துக்கு, ஒரு எக்செல் ஷீட்டில் 03/04 என்ற தேதி சில வரிகளில் மார்ச் 4 ஆகவும், சில வரிகளில் ஏப்ரல் 3 ஆகவும் இருந்ததால் திரும்பி வந்தது என்று வைத்துக்கொள்வோம். "கவனம் முக்கியம் என்று கற்றேன்" என்பது யார் வேண்டுமானாலும் எழுதக்கூடிய வரி. "இரண்டு கிளைகளிலிருந்து வந்த பட்டியல்கள் ஒரே முறையில் இருக்கும் என்று நினைத்துவிட்டேன், இப்போது சேர்க்கும் முன் இரண்டிலும் மாதமாக இருக்க முடியாத, 12க்கு மேற்பட்ட எண் தேதியில் எந்தப் பக்கம் வருகிறது என்று பார்க்கிறேன்" என்பது உங்களால் மட்டுமே எழுத முடிந்தது.

மதிப்பெண் போடுபவர் தேடுவது செய்த வேலைகளின் பட்டியலை அல்ல, உங்கள் யோசனை மாறிய இடத்தை. நினைவிலிருந்து எழுதினால் அந்த இடம் மங்கி, பொதுவான வார்த்தைகள்தான் மிஞ்சும்.

வாரவாரியாக எழுதச் சொல்லும் படிவத்துக்கு இது பொருந்தாது. ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தால், எதை எழுதலாம் என்று நிறுவனத்திடம் முதலில் கேளுங்கள். பெயரை மாற்றுவது மட்டும் எப்போதும் போதாது.