குரோமேட்டோகிராம் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்: அரிவாள் அணு மரபணுவை வைத்து ஒரு விளக்கம்

டிஎன்ஏவின் எழுத்து வரிசையைப் படிக்கும் சாங்கர் முறையில் வந்த .ab1 கோப்பைத் திறந்தால் வரும் படம்தான் குரோமேட்டோகிராம். அதில் பெரும்பாலோர் பார்ப்பது மேலே ஓடும் A, C, G, T எழுத்துகளைத்தான். முதல் தவறு அங்கேயே நடந்துவிடுகிறது. அந்த எழுத்துகள் மென்பொருளின் ஊகம் மட்டுமே. சான்று என்பது கீழே இருக்கும் வண்ண முகடுகள்.

ஒரு முகடு எப்படி உருவாகிறது? பிரெடரிக் சாங்கரின் குழு 1977-ல் வெளியிட்ட முறை இது. டிஎன்ஏவை நகலெடுக்கும்போது, சங்கிலியை மேலே வளரவிடாத டைடியாக்சி நியூக்ளியோடைடுகளையும் கொஞ்சம் கலந்துவிடுவார்கள். எந்த இடத்தில் அது போய் ஒட்டுகிறதோ, அந்த நகல் அங்கேயே நின்றுவிடும். இன்று நான்கு எழுத்துக்கும் நான்கு ஒளிர்சாயம். கேபிலரி என்ற மெல்லிய குழாயில் குட்டைத் துண்டு முன்னால், நெட்டைத் துண்டு பின்னால் என்று வரிசையாக வர, லேசர் பட்டு சாயம் ஒளிர்கிறது. ஆக, ஒரு முகடு என்பது ஒரே நீளமுள்ள எண்ணற்ற துண்டுகள் சேர்ந்து தந்த ஒளி. ஒரு கூட்டத்தின் சராசரிக் குரல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதை மறந்தால் என்ன ஆகும்? அரிவாள் அணு நோயை எடுத்துக்கொள்வோம். (இந்தியாவில் இது முதலில் அறியப்பட்டது 1952-ல், நீலகிரிப் பழங்குடியினரிடம்.) HBB மரபணுவில் CCTGAGGAG என்று இருக்க வேண்டியது CCTGTGGAG ஆகிறது, ஒரே ஒரு A, T ஆகிறது. நோய்க்கடத்தியாக இருப்பவரிடம் இரண்டு வடிவமும் உண்டு. அவருடைய படத்தில் அந்த ஓர் இடத்தில் மட்டும் பச்சை A-யும் சிவப்பு T-யும் ஒன்றன்மேல் ஒன்றாக, அக்கம்பக்க முகடுகளைவிடச் சுமார் பாதி உயரத்தில் நிற்கும். பச்சை கொஞ்சம் உயரமாக இருந்தால் மென்பொருள் A என்று எழுதிவிட்டுப் போய்விடும். எழுத்தை மட்டும் படித்தவர் "மாற்றம் இல்லை" என்று அறிக்கை எழுதுவார்.

இதற்கு நேரெதிர்த் தவறும் உண்டு: கண்ணில் பட்ட சின்ன முகட்டையெல்லாம் மாற்றம் என்று நம்புவது. தொடக்கத்தின் முப்பது நாற்பது எழுத்துகள் எப்போதும் கலங்கலாகவே இருக்கும். எழுநூறு, எண்ணூறைத் தாண்டினால் முகடுகள் அகன்று ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதனால் நாம் தேடும் இடம் நடுவில் விழும்படி நகலெடுப்பைத் தொடங்கிவைக்கும் குட்டைத் துண்டான பிரைமரைத் தள்ளி வைக்க வேண்டும். சந்தேகமா, எதிர்த்திசையில் படித்துப் பாருங்கள். உண்மையான மாற்றம் என்றால் அங்கே CTCCTCAGG-இன் ஐந்தாம் எழுத்தில் T-யும் A-யும் சேர்ந்து நிற்கும்.

இன்னொன்று, நல்ல தரவைக் குப்பையில் போடுவது. பீட்டா தலசீமியாவில் 41/42 கோடான்களில் நான்கு எழுத்து விடுபடும் மாற்றம் ஒன்று உண்டு. கடத்தியின் படம் அதுவரை பளிச்சென்று வந்து, அங்கிருந்து கடைசிவரை இரட்டை முகடாகிவிடும். ஒரு வடிவம் நான்கு எழுத்து முன்னே ஓடுவதால் வரும் குழப்பம் அது. பலர் "ரியாக்‌ஷன் சொதப்பிவிட்டது" என்று திரும்ப ஓட்டுவார்கள். எதிர்த்திசைப் படமும் அதே இடம்வரை தெளிவாக வந்து குழம்பினால், சொதப்பல் இல்லை, அதுதான் விடை.

சரி, டிஎன்ஏவைப் படிக்கும் அடுத்த தலைமுறை முறை? "ஆயிரக்கணக்கான சாங்கரை ஒரே நேரத்தில் ஓட்டுவது" என்று பாடம் நடத்துவோர் உண்டு. அடிப்படையே வேறு. இல்லுமினா கருவியிலும் தடுப்பு உண்டு, ஆனால் அது தற்காலிகம்: ஓர் எழுத்து சேரும், படம் எடுக்கப்படும், தடுப்பு நீக்கப்படும், அடுத்த எழுத்து சேரும். நீளவாரியாகப் பிரிக்கும் வேலையே இல்லை. அந்தப் படத்தில் தெரியும் ஒவ்வொரு புள்ளியும் ஒரே மூலக்கூறிலிருந்து பெருகியது. ஒரு புள்ளியிலிருந்து படித்த எழுத்து வரிசைதான் ஒரு ரீடு. எனவே ஒவ்வொரு ரீடும் ஒரு தனி மூலக்கூறின் சாட்சி. சாங்கர் கூட்டத்தின் குரலைக் கேட்கிறது, இது தலை எண்ணுகிறது. நூற்றில் ஐந்து மூலக்கூறில் மட்டும் இருக்கும் மாற்றம் சாங்கர் படத்தில் அடிக்கோட்டு இரைச்சலில் மூழ்கிவிடும். இங்கே எண்ணிக்கையில் தெரியும்.

எண்ணிக்கை என்றால் அதற்கேற்ற பொறுமையும் வேண்டும். கடத்தி ஒருவருக்கு அந்த இடத்தில் 6 ரீடுகள்தான் கிடைத்தன, ஆறும் A. "இயல்பு" என்று எழுதலாமா? இரண்டு வடிவமும் சமமாக இருந்தும் ஆறும் A-யாக விழ 64-ல் ஒரு வாய்ப்பு இருக்கிறது. 60 ரீடு இருந்தால் அந்தக் கவலை இல்லை. அதிலும் பிசிஆரில் பெருகிய ஒரே மூலக்கூறின் நகல்களைக் கழித்துவிட்டுத்தான் எண்ண வேண்டும். இல்லையென்றால் ஒரே சாட்சி பத்துச் சட்டை மாற்றி வந்து பேசியதைப் பத்துச் சாட்சி என்று கணக்கு வைப்போம்.