“பக்கம் 14 வரை முடிந்தது” என்று மட்டும் எழுதி வைக்காதீர்கள்

பாம்பன் தீவில் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஒரு காலை போன் வந்தது. அவசர அவசரமாக ஒரு தாளில் “முழுக்கள், கூட்டல் கழித்தல் முடிந்தது, பயிற்சிக் கணக்குகளைத் தொடரவும்” என்று கிறுக்கி மேசையில் வைத்துவிட்டுப் பஸ் ஏறினேன். என் பாடவேளைகளைத் தமிழாசிரியர் பார்த்துக்கொண்டார்.

ஐந்து நாள் கழித்து வந்து பார்த்தால், பாதி வகுப்பு −5 − 3 = 8 என்று எழுதியிருக்கிறது.

அவர் மேல் தப்பில்லை. ஒரு பையன் கேட்ட சந்தேகத்துக்கு, தான் படித்த காலத்து நினைவில் “மைனஸும் மைனஸும் பிளஸ்” என்று சொல்லியிருக்கிறார். பெருக்கலுக்கு அது சரி. −5 − 3 என்பதில் பெருக்கலே இல்லை. பிள்ளைகளோ இரண்டு மைனஸைக் கண்டதும் விடையைப் பிளஸாக்கிவிட்டார்கள். நான் அந்த விதியைச் சொல்லாமல் வேறு வழியில் நடத்திக்கொண்டிருந்தேன் என்பது அந்தத் தாளில் எங்கே இருந்தது?

எங்கள் வகுப்புச் சுவரில் எண்கோடு செங்குத்தாக நிற்கும். பூஜ்ஜியம்தான் கடல்மட்டம், ஒரு பாகம் ஆழத்துக்கு ஒரு எண். வலையில் ஒரு மிதவை ஒரு பாகம் தூக்கும், ஒரு ஈயக்குண்டு ஒரு பாகம் இறக்கும் என்று வைத்துக்கொள்வோம். வலை −5-இல் இருக்கிறது. 3 மிதவையைக் கழற்றினால் −8-க்கு இறங்கும். அதுதான் −5 − 3. மூன்று குண்டைக் கழற்றினால் −2-க்கு ஏறும்; அது −5 − (−3). வீட்டில் வலை கட்டுவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். ஆனால் பதிலுக்கு வருபவருக்கு வேண்டும்.

ஆக, எங்கே நிறுத்தினோம் என்பதை மட்டும் எழுதினால் போதாது. எப்படி நடத்தினோம், எங்கே தடுக்குவார்கள் என்பதையும் எழுத வேண்டும். இப்போது என் குறிப்பில் முதலில் மூன்று கணக்குகள் இருக்கும்: −5 + 3, −5 − 3, −5 − (−3). விடைகள் −2, −8, −2. பக்கத்திலேயே தப்பு விடைகளும் இருக்கும். இரண்டாவதற்கு 8 வந்தால் பெருக்கல் விதியைக் கொண்டுவந்துவிட்டார்கள். மூன்றாவதற்கு −8 வந்தால் அடைப்புக்குள் இருக்கும் மைனஸைக் கவனிக்கவில்லை. கீழே ஒரு வரி: “மைனஸும் மைனஸும் பிளஸ் என்று சொல்ல வேண்டாம், சுவரைக் காட்டுங்கள்.” கணக்கே பிடிக்காதவரும் இதை வைத்துத் திருத்திவிடலாம்.

அடுத்த தவறு, புதுப் பாடத்தைப் பதிலுக்கு வருபவர் தலையில் கட்டுவது. அவருக்காக மேசையில் வைக்கும் பாடப் பையில், நடத்தி முடித்ததற்கான பயிற்சி மட்டும் இருக்கட்டும். மூன்று நாளுக்கு, நாளுக்கு ஒரு தாள், விடையோடு. 40 நிமிடத்துக்கு எட்டுக் கணக்கு தாராளம், வேகமாக முடிப்பவர்களுக்கு “வலை −2-க்கு வர எத்தனை வழி?” என்று ஒரு கேள்வி. மூன்று நாளைத் தாண்டினால் போனில் பேசிக்கொள்வதுதான் சரி.

இன்னொரு தவறைச் சொல்லச் சங்கடமாக இருக்கிறது. அந்த அவசரத் தாளின் அடியில், ஒரு பையனின் பெயரைப் போட்டு “அப்பா இலங்கைச் சிறையில், வீட்டைப் பற்றிக் கேட்க வேண்டாம்” என்றும் எழுதியிருந்தேன். நல்ல எண்ணம்தான். ஆனால் தாள் மேசையில் திறந்து கிடந்தது. சாக்பீஸ் எடுக்க வந்த பிள்ளை படித்தது, மதியச் சாப்பாட்டுக்குள் வகுப்பு முழுக்கத் தெரிந்துவிட்டது. படகு பிடிபட்டால் ஊருக்கே தெரியும் என்பது உண்மை. ஆனாலும் சார் கைப்பட எழுதியதைச் சக பிள்ளைகள் படிப்பது வேறு. அவன் இரண்டு நாள் பள்ளிக்கு வரவில்லை.

சொல்லாமலும் விட முடியாது. புதிதாக வருபவர் பேச்சுக் கொடுக்க முதலில் கேட்பதே “அப்பா என்ன பண்றார்?” என்றுதானே. அதனால் குடும்ப விஷயம், வலிப்பு மாதிரியான உடல்நிலை எல்லாம் தனி உறையில் தலைமையாசிரியரிடம் இருக்கின்றன. வகுப்பெடுக்கப் போகிறவரிடம் அவர் வாயால் சொல்லிவிடுவார். மேசைப் பையில் பிள்ளைகள் பார்த்தாலும் பரவாயில்லை என்பது மட்டும்: இருக்கை வரைபடம், பீரோச் சாவி யாரிடம், கண்ணாடி போடாமல் வந்தால் யாரை முன்வரிசையில் உட்கார வைப்பது.

கடைசித் தாள் வெற்றுத் தாள். வந்தவர் எனக்கு எழுத வேண்டியது அதில். போன முறை தமிழாசிரியர் எழுதியிருந்தார்: “முதல் இரண்டும் சரி. மூன்றாவதில் 11 பேர் −8. சுவரைக் காட்டினேன், ஏழு பேர் திருத்திக்கொண்டார்கள். மற்ற நாலு பேர் பெயர் பின்பக்கம்.” மறுநாள் அந்த நாலு பேரைக் கூப்பிட்டு, கையில் ஈயக்குண்டைக் கொடுத்துத்தான் ஆரம்பித்தேன்.