மில் மூடியாச்சு, நெல் பணத்தை யாரிடம் கேட்பது? லிக்விடேட்டரைக் கண்டுபிடிக்கும் வழி

2022 மாசியில் பாபநாசத்து மாமா 320 மூட்டை சம்பா நெல்லை கும்பகோணம் பக்கத்து தனியார் அரிசி ஆலை ஒன்றுக்குப் போட்டார். 60 கிலோ மூட்டை, மூட்டைக்கு 1,200 ரூபாய். மொத்தம் 3,84,000. எடைச்சீட்டு கையில் இருந்தது, பணம் வரவில்லை. வருடக்கடைசியில் மில் கேட்டில் பூட்டுத் தொங்கியது. "மஞ்சள் கடுதாசி குடுத்துட்டாங்கடா மாப்ளே" என்று சீட்டுக் கட்டோடு வீட்டுக்கு வந்துவிட்டார்.

தனிமனிதர் நொடித்துப்போவது வேறு, கம்பெனி நொடித்துப்போவது வேறு. கம்பெனி என்றால் 2016-ல் வந்த திவால் சட்டப்படி தேசிய கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம் (என்.சி.எல்.டி.) கையாளும். மீட்கப் பார்ப்பார்கள், முடியாவிட்டால் சொத்தை விற்றுக் கணக்கு முடிக்க ஒருவரை நியமிப்பார்கள். அவர்தான் லிக்விடேட்டர். தமிழ் விளம்பரங்களில் கலைப்பாளர் என்றும் போடுவார்கள். அவர் யார் என்று கண்டுபிடிக்கவே எனக்கு மூன்று வாரத்துக்கு மேல் ஆனது. உங்களுக்கு அரைமணி நேரம் போதும்.

முதலில் கம்பெனியின் சரியான பெயரும் எண்ணும்

மில் போர்டில் இருப்பது பெரும்பாலும் பிராண்டு பெயர். எடைச்சீட்டிலோ பில்லிலோ ஜி.எஸ்.டி. எண்ணுக்குப் பக்கத்தில் இருப்பதுதான் சட்டப்படியான பெயர். அதை எடுத்துக்கொண்டு mca.gov.in தளத்தில் View Company or LLP Master Data என்ற பக்கத்துக்குப் போங்கள். செல்போனில் இந்தத் தளத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம். லேப்டாப் இல்லையென்றால் கம்ப்யூட்டர் சென்டரில் உட்கார்ந்து பாருங்கள். கம்பெனி விவரம் தருகிறோம் என்று காசு கேட்கும் தனியார் தளங்களை நான் தொடுவதில்லை. அவர்கள் காட்டுவது இங்கிருந்து எடுத்த பழைய தகவல்தான்.

அங்கே கிடைக்கும் 21 எழுத்து எண்ணை (சி.ஐ.என்.) குறித்துக்கொள்ளுங்கள். அதன் அமைப்பு இப்படி இருக்கும்:

```
U15312TN2009PTC0XXXXX
```

TN என்பது பதிவான மாநிலம், 2009 பதிவான ஆண்டு, PTC என்றால் பிரைவேட் லிமிடெட். ஒரே குடும்பத்துக்கு ஒரே மாதிரிப் பெயரில் மூன்று கம்பெனி இருப்பது நம் பக்கம் சாதாரணம். பெயரை வைத்துத் தேடினால் எது நம் கம்பெனி என்று தெரியாது. எண் ஏமாற்றாது.

அதே பக்கத்தில் Company Status என்ற வரியைப் பாருங்கள். Under CIRP என்றிருந்தால் இன்னும் மீட்கப் பார்க்கிறார்கள், லிக்விடேட்டர் வரவில்லை. Under Liquidation என்றிருந்தால் வந்துவிட்டார். Strike Off என்றிருந்தால் கதையே வேறு, கடைசியில் சொல்கிறேன்.

அடுத்து விளம்பரம். நான் வழுக்கிய இடம் இதுதான்

ibbi.gov.in என்பது திவால் வாரியத்தின் தளம். அதில் Public Announcement என்ற பட்டியலில் கம்பெனி பெயரைப் போட்டால், விளம்பரத் தேதி, கோரிக்கை அனுப்பக் கடைசி நாள், பொறுப்பாளர் பெயர், முகவரி எல்லாம் வரும். விளம்பரத்தையே பி.டி.எஃப். ஆக இறக்கிக்கொள்ளலாம்.

நான் செய்த தப்பு, முதலில் கண்ணில் பட்டதை எடுத்துக்கொண்டது. மாமா கையில் 2022 நவம்பர் செய்தித்தாள் துண்டு ஒன்று இருந்தது. தளத்தில் தேடியபோதும் அதே விளம்பரம் வந்தது. அதிலிருந்தவருக்கு மெயில் அனுப்பிவிட்டு 17 நாள் காத்திருந்தோம். கடைசியில் ஒருவரிப் பதில் வந்தது: "நான் இப்போது அந்தப் பொறுப்பில் இல்லை."

நடந்தது என்னவென்றால், ஒரு கம்பெனிக்கு வரிசையாக மூன்று பேர் வரலாம். வழக்கு எடுக்கப்பட்டதும் வருபவர் இடைக்காலத் தீர்வு வல்லுநர். அப்புறம் கடன் கொடுத்தவர்களின் குழு அவரையே தொடரச் சொல்லலாம், அல்லது இன்னொருவரைத் தீர்வு வல்லுநராக்கலாம். மீட்பு தோற்று, கலைக்கச் சொல்லி உத்தரவு வந்ததும் நியமிக்கப்படுபவர் லிக்விடேட்டர். முந்தையவரே லிக்விடேட்டராவதும் உண்டு, மாற்றுவதும் உண்டு. எங்கள் மில்லுக்கு மூவரும் வெவ்வேறு ஆட்கள். நான் எழுதியது முதலாமவருக்கு.

அதனால் பட்டியலில் Type என்ற கட்டத்தைப் பார்க்காமல் பெயரைக் குறிக்காதீர்கள். Corporate Insolvency Resolution Process என்றிருந்தால் அது முதல் கட்டம். Liquidation Process என்றிருப்பதுதான் நமக்கு வேண்டியது. விளம்பரத்தின் தலைப்பில் Form B என்றும், Liquidation Commencement Date என்ற வரியும் இருக்கும். கம்பெனி கடனில்லாமலோ, கடனை முழுதும் அடைக்க முடிகிற நிலையிலோ தானாக மூடும்போது Voluntary Liquidation என்ற வகை வரும். அதையும் இதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

சரி, பேப்பரில் ஏன் பார்க்கவில்லை என்று கேட்பீர்கள். லிக்விடேட்டர் நியமனமாகி ஐந்து நாளுக்குள் ஓர் ஆங்கிலப் பத்திரிகையிலும் ஒரு வட்டார மொழிப் பத்திரிகையிலும் விளம்பரம் தர வேண்டும் என்பது விதி. ஆனால் எந்த ஊர்ப் பதிப்பு என்பதற்கு முதல் அளவுகோல் கம்பெனியின் பதிவு அலுவலகம். மில் கும்பகோணத்தில், பதிவு அலுவலகம் சென்னையில். சென்னைப் பதிப்பில் வந்தது பாபநாசம் டீக்கடைக்கு எப்படி வரும்?

பெயர் கிடைத்ததும் சரிபார்க்க

விளம்பரம் வந்த பிறகும் லிக்விடேட்டரை மாற்றியிருக்கலாம். nclt.gov.in தளத்தில் சென்னை அமர்வைத் தேர்ந்தெடுத்து, கட்சிக்காரர் பெயரை வைத்து வழக்கைத் தேடுங்கள். கடைசியாக வந்த இரண்டு மூன்று உத்தரவுகளைத் திறந்து பார்த்தால், யார் லிக்விடேட்டராக ஆஜரானார் என்று இருக்கும். வழக்கு எண் கையிலிருந்தால் இன்னும் சுலபம். அது விளம்பரத்திலோ கலைப்பு உத்தரவிலோ CP(IB) என்று தொடங்கும்.

ஆளைப் பற்றிச் சந்தேகம் இருந்தால் ibbi.gov.in-ல் Insolvency Professionals பதிவேட்டில் அவருடைய பதிவு எண்ணைப் பாருங்கள். IBBI/IPA என்று தொடங்கும். "லிக்விடேட்டர் ஆபீசிலிருந்து பேசுகிறேன், ஐயாயிரம் கட்டினால் உங்கள் பெயரை முன்னால் போடுகிறோம்" என்று மாமாவுக்கு ஒரு போன் வந்தது. கோரிக்கை கொடுக்கக் கட்டணமே கிடையாது. வரிசையைச் சட்டம் போடுகிறது, அவர் போடுவதில்லை.

அவர் வேலை என்ன, எது இல்லை

அவர் மில் முதலாளியின் ஆளும் இல்லை, சர்க்கார் அதிகாரியும் இல்லை. உரிமம் பெற்ற தனியார் வல்லுநர், தீர்ப்பாயத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர். நிலம், இயந்திரம், லாரி, கம்பெனிக்கு வரவேண்டிய பாக்கி எல்லாவற்றையும் தன் பொறுப்பில் எடுப்பார். கோரிக்கைகளைச் சரிபார்ப்பார். சொத்தை ஏலத்தில் விற்பார், வந்த பணத்தைச் சட்ட வரிசைப்படி பிரிப்பார், எல்லாம் முடிந்ததும் கம்பெனியையே இல்லாமலாக்கச் சொல்லி மனுப் போடுவார். நம் பாக்கிக்குத் தன் கையிலிருந்து கொடுக்க அவருக்குக் கடமை இல்லை.

மாமா போன்றவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்பதை ஒரு கற்பனைக் கணக்கில் சொல்கிறேன். சொத்து விற்று 10 கோடி வந்ததாக வையுங்கள். நடைமுறைச் செலவு 1 கோடி முதலில் போகும். அடுத்த படியில் தொழிலாளர்களின் கடைசி 24 மாதப் பாக்கியும், அடமானச் சொத்தைப் பொதுப் பங்கீட்டுக்கு விட்டுக்கொடுத்த வங்கியின் கடனும் சரிசமமாக நிற்கும். தொழிலாளர் பாக்கி 1 கோடி, வங்கி 17 கோடி என்றால், மீதி 9 கோடியை 18 கோடிக்குப் பகிர வேண்டும். ரூபாய்க்கு 50 காசு. அதோடு பணம் தீர்ந்தது. தொழிலாளர் அல்லாத ஊழியர்களின் 12 மாதச் சம்பளம், அடமானமில்லாமல் கடன் கொடுத்த நிதி நிறுவனங்கள், அரசுப் பாக்கி எல்லாம் அதற்குக் கீழே. நெல் போட்டவர், சாக்கு விற்றவர், லாரி ஓட்டியவர் அதற்கும் கீழே. இதை மாமாவிடம் முதல் நாளே சொல்லிவிட்டேன். வட்டிக்கு வாங்கி வக்கீல் வைக்கிற யோசனையை அப்போதே கைவிட்டார்.

மில்லில் வேலை பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம். பி.எஃப்., கிராஜுவிட்டி நிதி இந்தப் பங்கீட்டுக்குள் வராது, அதைத் தனியாகக் கேளுங்கள்.

கோரிக்கை அனுப்புவது

எங்கள் விளம்பரத்தில் கலைப்புத் தொடங்கிய நாள் 2024 ஜனவரி 22, கோரிக்கைக்குக் கடைசி நாள் பிப்ரவரி 21, அதாவது 30 நாள். நாங்கள் கண்டுபிடித்தது 26-ஆவது நாள். விதிகள் அவ்வப்போது திருத்தப்படுவதால் உங்கள் விளம்பரத்தில் போட்டிருக்கும் தேதியையே கணக்காக வைத்துக்கொள்ளுங்கள்.

பொருள் கொடுத்தவர்களுக்கு படிவம் சி, தொழிலாளர், ஊழியர்களுக்கு படிவம் இ. நான் மெயிலில் அனுப்புவேன், கூடவே ஸ்பீடு போஸ்டிலும் ஒரு பிரதி. எடைச்சீட்டு, பணம் பாதி வந்திருந்தால் பாஸ்புக் பக்கம், மில் கணக்குப்பிள்ளை கையெழுத்திட்ட பாக்கிச்சீட்டு, எது இருந்தாலும் தேதி வாரியாக எண் போட்டு இணைத்தேன். 28-ஆவது நாள் போய்ச் சேர்ந்தது.

மார்ச்சில் பதில் வந்தது. 3,12,000 ஏற்பு, 72,000 நிராகரிப்பு. 60 மூட்டைக்கான சீட்டில் மாமாவின் தம்பி பெயர் இருந்தது. ஒரே களத்தில் அடித்து ஒரே வண்டியில் ஏற்றியது என்பது நமக்குத் தெரியும், சீட்டுக்குத் தெரியுமா? தம்பி தனியாகக் கொடுத்திருக்க வேண்டும். நிராகரிப்பை எதிர்த்து 14 நாளுக்குள் தீர்ப்பாயம் போகலாம். வரிசையைப் பார்த்துவிட்டு நாங்கள் போகவில்லை.

பின்சேர்க்கை 1: திருவாரூரிலிருந்து ஒருவர் Strike Off என்று வருகிறது என எழுதியிருந்தார். பதிவேட்டிலிருந்து பெயரை அடித்துவிட்டார்கள் என்று அர்த்தம். அங்கே லிக்விடேட்டரே கிடையாது, தேடி நாளைக் கழிக்க வேண்டாம். கடன் பாக்கியுள்ளவர் பெயரை மீண்டும் சேர்க்கச் சொல்லி தீர்ப்பாயத்தில் மனுப் போட வழி இருக்கிறது.

பின்சேர்க்கை 2: மன்னார்குடி வாசகர் ஒருவருக்கு mca.gov.in-ல் மில் பெயரே வரவில்லை. பில்லைப் படம் எடுத்து அனுப்பினார். பிரைவேட் லிமிடெட் என்ற சொல் எங்குமில்லை, இரண்டு அண்ணன் தம்பி சேர்ந்த கூட்டு வியாபாரம். நம் பக்கத்து மில்கள் பல இப்படித்தான். இந்த வழி அவர்களுக்குப் பொருந்தாது. பங்குதாரர்கள் மேலேயே சிவில் கோர்ட்டில் வழக்குப் போட வேண்டும், பொதுவாக மூன்று வருடக் கெடு. அவருடைய சீட்டில் தேதி பார்த்தேன், இரண்டு வருடம் எட்டு மாதம் ஆகியிருந்தது. அன்றைக்கே வக்கீலைப் பார்க்கச் சொன்னேன்.