நிலைப்பாட்டு அறிக்கையில் ஓட்டை எங்கே இருக்கிறது? பென்சிலோடு உட்கார்ந்து பார்ப்பது எப்படி

ஒரு கட்சியோ சங்கமோ ஆய்வு நிறுவனமோ "அரசு இதைச் செய்ய வேண்டும்" என்று காரணம் காட்டி எழுதுவதுதான் நிலைப்பாட்டு அறிக்கை. படிக்கும்போது எல்லாம் சரியாகத்தான் தோன்றும். எண் இருக்கும், மேற்கோள் இருக்கும், பெரிய பேராசிரியர்கள் பெயர் இருக்கும். ஆனால் அந்தச் சான்றிலிருந்து அந்த முடிவு உண்மையிலேயே வருகிறதா என்பது வேறு கேள்வி. அதை எப்படிச் சோதிப்பது என்று ஒரே ஒரு உதாரணத்தை வைத்துக் காட்டுகிறேன்.

உதாரணம் அமெரிக்காவிலிருந்து. 2013ல் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் பட்ஜெட் குழுத் தலைவராக இருந்த பால் ரயன் "பாத் டு ப்ராஸ்பெரிட்டி" என்ற பட்ஜெட் ஆவணத்தை வெளியிட்டார். அரசுச் செலவைக் குறைத்துப் பத்து ஆண்டுகளில் பட்ஜெட்டைச் சமன் செய்ய வேண்டும் என்பது அதன் நிலைப்பாடு. அதற்கு அவர் காட்டிய சான்றுகளில் ஒன்று கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் என்ற இரண்டு பொருளாதார நிபுணர்கள் 2010ல் எழுதிய கட்டுரை. நாட்டின் கடன் ஜிடிபியில் 90 சதவீதத்தைத் தாண்டினால் வளர்ச்சி கணிசமாகப் பாதிக்கப்படும், இதற்கு ஐயத்துக்கு இடமில்லாத சான்று அந்த ஆய்வில் இருக்கிறது என்று ஆவணம் சொன்னது. ஆவணத்தில் வேறு வாதங்களும் உண்டு. நாம் இந்த ஒரு இழையை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

படி 1: முடிவை உங்கள் வாயால் ஒரு வரியில் சொல்லுங்கள்

அறிக்கையை மூடி வைத்துவிட்டு, "இவர் என்ன செய்யச் சொல்கிறார்?" என்று ஒரு வரி எழுதுங்கள். "கடன் ஆபத்தானது" என்று எழுதினால் போதாது, அது கருத்து. "செலவைக் குறைத்து பட்ஜெட்டைச் சமன் செய்ய வேண்டும்" என்பதுதான் முடிவு. 'வேண்டும்' என்று முடியும் வாக்கியம் கிடைக்கும்வரை விடாதீர்கள், ஏனென்றால் பெரும்பாலான ஓட்டைகள் கடைசியில் அந்த 'வேண்டும்' வந்து உட்காரும் இடத்தில்தான் இருக்கும்.

படி 2: வாதத்தைச் சங்கிலியாக எழுதுங்கள்

அலங்காரம் எல்லாவற்றையும் கழித்துவிட்டு, ஒன்றன்கீழ் ஒன்றாக:

1. வளர்ந்த நாடுகளில் கடன் 90% தாண்டிய ஆண்டுகளில் வளர்ச்சி மிகக் குறைவாக இருந்தது.
2. ஆகவே, 90% தாண்டிய கடன் வளர்ச்சியைக் கெடுக்கிறது.
3. அமெரிக்காவின் கடன் அந்த எல்லையைத் தாண்டிவிட்டது.
4. ஆகவே, செலவைக் குறைக்க வேண்டும்.

இப்போது ஒவ்வொரு 'ஆகவே'யையும் வட்டமிடுங்கள். அறிக்கையில் 'ஆகவே' என்ற சொல்லே இருக்காது, பத்தி மாறியிருக்கும், அவ்வளவுதான். அந்த இடத்தில் நீங்களே எழுதிச் சேர்த்து வட்டமிட வேண்டும்.

நான் ஓரத்தில் நான்கு குறிகள்தான் போடுவேன். சா என்றால் சான்று பலவீனம் அல்லது இல்லை. மி என்றால் மிகை, அதாவது மூலத்தில் இருப்பதைவிட அறிக்கை கூடுதலாகச் சொல்கிறது. தா என்றால் தாவல், சான்று சரியாக இருந்தாலும் அடுத்த வரி அதிலிருந்து வரவில்லை. எ என்றால் சொல்லாமல் விட்ட எடுகோள். இதற்குமேல் குறிகளைப் பெருக்கினால் அப்புறம் நமக்கே குழப்பம் வரும்.

படி 3: மூலத்தைத் திறந்து, சொல்லுக்குச் சொல் ஒப்பிடுங்கள்

பலர் இந்தப் படியைத் தாண்டிப் போய்விடுவார்கள். மேற்கோள் இருக்கிறது என்றாலே சான்று இருக்கிறது என்று நம்பிவிடுவது. முழுக் கட்டுரையும் படிக்க வேண்டியதில்லை, சுருக்கத்தைப் படித்தாலே பாதி தெரிந்துவிடும். ரைன்ஹார்ட்–ரோகாஃப் கட்டுரையின் சுருக்கம் என்ன சொல்கிறது? 90 சதவீதத்துக்கு மேல் போனால் இடைநிலை வளர்ச்சி, அதாவது எண்களை வரிசையாக அடுக்கினால் நடுவில் நிற்பது, ஒரு சதவீதம் குறைகிறது, சராசரி அதைவிட நிறையவே குறைகிறது. இது ஒரு கவனிப்பு, இரண்டும் சேர்ந்து வருகின்றன என்ற கவனிப்பு. 'ஐயத்துக்கு இடமில்லாத' என்ற உறுதியை அறிக்கைதான் சேர்த்திருக்கிறது. ஓரத்தில் மி.

அதே சுருக்கத்தில் இன்னொன்றும் கண்ணில் படும். இடைநிலை கொஞ்சம் குறைய, சராசரி மட்டும் ஏன் அவ்வளவு விழ வேண்டும்? இரண்டும் இப்படி விலகி நின்றால், எங்கோ ஓரிரண்டு விபரீத எண்கள் சராசரியைக் கீழே இழுக்கின்றன என்று அர்த்தம். கணக்குப் பாடம் பிடிக்காதவர்கள்கூட இந்த ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

படி 4: எண்ணைப் பிரித்துப் பாருங்கள்

கட்டுரையில் அதிகம் பேசப்பட்ட எண் மைனஸ் 0.1. 90% தாண்டிய நாடுகளின் சராசரி வளர்ச்சி, அதாவது வளர்ச்சியே இல்லை. மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹெர்ஸ்ட் வளாகத்தில் படித்துக்கொண்டிருந்த தாமஸ் ஹெர்ன்டன் என்ற மாணவர், வகுப்புப் பயிற்சிக்காக இந்தக் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தார், வரவில்லை. கட்டுரையை எழுதியவர்களிடமே கேட்டு எக்செல் கோப்பை வாங்கிப் பார்த்தபோது இந்தச் சூத்திரம் இருந்தது:

```
=AVERAGE(L30:L44)
```

நாடுகளின் வரிசையோ 49 வரை போகிறது. கடைசி ஐந்து வரிகளில் இருந்த ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க் ஐந்தும் கணக்கிலேயே இல்லை. செய்தித்தாள்கள் இதைத்தான் பெரிதாகப் போட்டன. எனக்கென்னவோ இதைவிட முக்கியமானது அடுத்தது. 90% தாண்டிய பிரிவில் மிஞ்சிய ஏழு நாடுகளின் வளர்ச்சியைச் சதவீதத்தில் பாருங்கள்:

- கிரீஸ்: 2.9
- அயர்லாந்து: 2.4
- பிரிட்டன்: 2.4
- இத்தாலி: 1.0
- ஜப்பான்: 0.7
- அமெரிக்கா: −2.0
- நியூசிலாந்து: −7.9

கூட்டி ஏழால் வகுத்தால் −0.07, அதாவது அந்தப் புகழ்பெற்ற −0.1. இப்போது நியூசிலாந்தை மட்டும் கையால் மறைத்துவிட்டு மீதி ஆறையும் கூட்டிப் பாருங்கள்: 7.4, ஆறால் வகுத்தால் 1.2. ஒரே நாடு. அதுவும் அந்த நாட்டின் ஒரே ஆண்டு, 1951 (உண்மையில் −7.6, பதிவு செய்யும்போது −7.9 ஆகிவிட்டது). பிரிட்டனின் 2.4 என்பது 19 ஆண்டுகளின் சராசரி. 19 ஆண்டுக்கும் ஓர் ஆண்டுக்கும் சம எடை கொடுத்திருக்கிறார்கள். போதாக்குறைக்கு, 1946 முதல் 1949 வரையும் நியூசிலாந்தின் கடன் 90 சதவீதத்துக்கு மேல்தான் இருந்தது. அந்த ஆண்டுகள் தரவில் சேரவில்லை. சேர்த்தால் அந்த நாட்டின் சராசரி 2.6 ஆகிவிடுகிறது.

ஹெர்ன்டனும் அவருடைய பேராசிரியர்கள் மைக்கேல் ஆஷ், ராபர்ட் பாலின் ஆகியோரும் விடுபட்டவற்றைச் சேர்த்து, ஒவ்வொரு ஆண்டுக்கும் ஒரே எடை கொடுத்துப் போட்ட கணக்கில் வந்தது 2.2. இதை 2013 ஏப்ரலில் வெளியிட்டார்கள். முதல் கண்ணிக்கு சா. ஆனால் ஒன்று, 60 முதல் 90 சதவீதம் கடன் உள்ள பிரிவில் அவர்கள் கணக்கிலேயே 3.2 வருகிறது. ஆகக் கடன் கூடினால் வளர்ச்சி குறைவாக இருக்கிறது என்பது பொய்யாகிவிடவில்லை, 90ல் ஒரு பள்ளம் இருக்கிறது என்பதுதான் போயிற்று. இதையும் குறிப்பில் எழுதுங்கள். அறிக்கைக்குச் சாதகமானதை விட்டுவிட்டு ஓட்டையை மட்டும் எழுதினால், நாமும் அதே வேலையைத்தான் செய்கிறோம்.

எல்லா அறிக்கைக்கும் எக்செல் கோப்பு கிடைக்காது. கிடைக்காவிட்டால் மூன்று கேள்வி போதும்: எத்தனை நாடு அல்லது ஆள் இந்த எண்ணுக்குள் இருக்கிறார்கள், யாரை விட்டுவிட்டார்கள், ஒன்றை எடுத்துவிட்டால் எண் நிற்குமா.

படி 5: 'ஆகவே'யைத் திருப்பிப் போடுங்கள்

சரி, எண் முழுக்கச் சரி என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ஒன்றிலிருந்து இரண்டு வருகிறதா? திருப்பிப் படியுங்கள்: வளர்ச்சி குறைந்ததால் கடன் ஏறியிருக்கலாமா? மேலே உள்ள பட்டியலிலேயே விடை இருக்கிறது. ஜப்பானின் பங்குச்சந்தை, நிலவிலைக் குமிழி உடைந்தது 1990களின் தொடக்கத்தில். வளர்ச்சி அப்போதே படுத்துவிட்டது. அந்தக் கணக்கில் ஜப்பானின் ஆண்டுகள் 1999 முதல் 2009 வரை. நோய் முதலில், கடன் பிறகு. அமெரிக்காவின் −2.0 வருவது 1946–49 ஆண்டுகளிலிருந்து. போர் முடிந்து ஆயுத உற்பத்தி நின்று, படைவீரர்கள் வீடு திரும்பிய காலம். கடனுக்கும் வளர்ச்சிக் குறைவுக்கும் அங்கே பொதுவான காரணம் போர். அரிந்தஜித் துபே என்ற பொருளாதார நிபுணர் இதே தரவை வைத்து, இன்றைய கடன் அளவு அடுத்து வரும் வளர்ச்சியோடு ஒத்துப்போவதைவிட முன்பு நடந்த வளர்ச்சியோடுதான் நெருக்கமாக ஒத்துப்போகிறது என்று காட்டினார். வட்டமிட்ட முதல் 'ஆகவே'க்குப் பக்கத்தில் தா.

மூன்றாவது வரிக்குக் குறி தேவையில்லை. அறிக்கை மொத்தக் கடனைப் பற்றிப் பேசுகிறது, கட்டுரையும் மொத்தக் கடனைத்தான் அளந்தது, அளவுகோல் மாறவில்லை. இப்படிச் சரியாக இருக்கும் கண்ணிக்கு ஒரு டிக் போடுங்கள். எல்லா வரியிலும் சிவப்பு விழுந்தால் நீங்கள் வாதத்தைச் சோதிக்கவில்லை, கட்சியைப் பிடிக்கவில்லை என்றுதான் அர்த்தம்.

படி 6: சொல்லாமல் விட்டதை எழுதுங்கள்

கடைசி 'ஆகவே'. கடன் வளர்ச்சியைக் கெடுக்கிறது என்பதையும் ஒப்புக்கொள்வோம், அதிலிருந்து "இப்போதே செலவைக் குறைக்க வேண்டும்" என்று வர, நடுவில் ஒரு வரி தேவை: செலவைக் குறைத்தால் வளர்ச்சி அதைவிட அதிகம் பாதிக்கப்படாது. கடன் என்பது ஜிடிபியோடு ஒப்பிட்ட விகிதம் இல்லையா, செலவைக் குறைக்கப் போய் ஜிடிபியும் சுருங்கினால் விகிதம் இறங்காமலே நிற்கலாம். 2010 கட்டுரை இதை ஆராயவே இல்லை. மக்கள் கட்டும் வரியைக் கூட்டினாலும் பட்ஜெட் சமனாகும், அதை ஏன் விட்டோம் என்பதற்கும் அந்தக் கட்டுரையில் பதில் கிடையாது. இங்கே எ.

குறிப்பை எழுதும் விதம்

'வாதம் பலவீனம்' என்று எழுதுவது யாருக்கும் பயன்படாது. எந்த வரி, என்ன விடுபட்டது, என்ன கிடைத்தால் ஓட்டை அடையும், இந்த மூன்றும் இருக்க வேண்டும். தொடக்கத்தில் நானும் பிடிக்காத கருத்துக்கெல்லாம் தா போட்டுக்கொண்டிருந்தேன். "என்ன காட்டினால் ஒப்புக்கொள்வேன்" என்ற பகுதியை எழுத முடியாமல் போனபோதுதான் பாதியை அழித்தேன். இந்த அறிக்கைக்கு என் குறிப்பு இப்படி இருக்கும்:

"வரி 1→2, தா. கடனும் குறைந்த வளர்ச்சியும் ஒரே காலத்தில் இருந்ததாக மட்டுமே சான்று. எது முதலில் என்று காட்டவில்லை. கடன் ஏறிய பிறகு வளர்ச்சி குறைந்த நாடுகளை, போர், நெருக்கடி ஆண்டுகளைத் தனியே பிரித்துக் காட்டினால் ஏற்கலாம்.

வரி 4, எ. செலவுக் குறைப்பின் விளைவு பற்றித் தனிச் சான்று தேவை. மேற்கோள் காட்டிய கட்டுரை அதைத் தராது."

ரைன்ஹார்ட்டும் ரோகாஃபும் எக்செல் பிழையை உடனே ஒப்புக்கொண்டார்கள். எடை கொடுத்த முறையைப் பற்றிய குற்றச்சாட்டை ஏற்கவில்லை. அந்தச் சண்டையில் யார் பக்கம் நின்றாலும் மேலே உள்ள இரண்டு குறிப்பில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற வேண்டியிருக்காது.