தோசைக்கல்லில் ஒரு ஐஸ் கட்டி, சப்பாத்திப் பலகையில் ஒரு ஐஸ் கட்டி

சிங்கப்பூர்ப் பள்ளிகளில் தொடக்கநிலை 3-இல் அறிவியல் தொடங்குகிறது. வெப்பம் பற்றிய பாடம் தொடக்கநிலை 4-இல் வரும். "இரும்பு வெப்பத்தை நன்றாகக் கடத்தும், மரம் கடத்தாது" என்று பிள்ளைகள் எழுதி மதிப்பெண் வாங்கிவிடுவார்கள். அதே பிள்ளையிடம் அடுப்பில் ஏற்றாத தோசைக்கல்லைக் கொடுத்து, "இது ஏன் ஜில்லென்று இருக்கிறது?" என்று கேட்டால், "இரும்பு இயற்கையிலேயே குளிர்ச்சி" என்று பதில் வரும். இந்த இரண்டு பதில்களும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது. பிள்ளைகள் அதைத் தாங்களே கண்டுபிடிக்க வைப்பதுதான் இந்தச் சோதனை.

என்ன வேண்டும்

கனமான வார்ப்பிரும்புத் தோசைக்கல் ஒன்று, மரச் சப்பாத்திப் பலகை ஒன்று, ஒரே தட்டில் உறைய வைத்த ஒரே அளவு ஐஸ் கட்டிகள் நான்கு, கைப்பேசியில் கடிகாரம், பேப்பர், பென்சில், சின்ன பிளாஸ்டிக் பைகள் இரண்டு, தடித்த துண்டு ஒன்று. அறை வெப்பமானி இருந்தால் நல்லது.

தோசைக்கல்லுக்குப் பதில் எவர்சில்வர் தட்டு போதுமா என்று கேட்பார்கள். வேண்டாம். உலோகங்களுக்குள் எவர்சில்வர் வெப்பத்தைக் கடத்துவதில் மந்தம், தட்டும் மெல்லியது. வித்தியாசம் சரியாகத் தெரியாமல் போகலாம். தோசைக்கல் இல்லாத வீட்டில் கனமான அலுமினியச் சட்டியைக் கவிழ்த்து, அதன் அடிப்பக்கத்தில் ஐஸ் வைக்கலாம்.

முதல் நாள் இரவே செய்ய வேண்டியது

கல்லையும் பலகையையும் ஈரமில்லாமல் துடைத்து, சோதனை நடக்கப்போகும் அறையிலேயே அருகருகே வைத்துவிடுங்கள். காலையில் தோசை சுட்ட கல்லை எடுத்து வந்தால் சோதனை கெட்டுவிடும். அப்போதுதான் கழுவிய பலகையும் கூடாது. ஈரம் ஆவியாகும்போது மரம் குளிர்ந்துவிடும்.

இன்னொன்று நம் ஊருக்கே உரியது. நம் உள்ளங்கைத் தோலின் வெப்பநிலை ஏறக்குறைய 33 டிகிரி. வீவக வீட்டு ஹாலில் பிற்பகலில் 30 டிகிரிக்கு மேலேயே இருக்கும். அந்த நேரத்தில் கையும் கல்லும் கிட்டத்தட்ட ஒரே வெப்பநிலைதான். தொட்டால் ஜில்லென்ற உணர்வே வராது. அதனால் ஏர்கான் அறையில், 24, 25 டிகிரியில் வைத்துச் செய்யுங்கள். புளோக்கின் கீழ்த்தளத்தில் செய்தால் ஐஸ் பகுதி மட்டும் நன்றாக நடக்கும், தொட்டுப் பார்க்கும் பகுதி சப்பென்று போய்விடும்.

தொடுவது, ஊகிப்பது

ஒரு குழுவில் மூன்று அல்லது நான்கு பேர் போதும். அதற்கு மேல் போனால் ஒருவர் செய்வார், மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். ஒருவர் ஐஸ் வைக்கட்டும், ஒருவர் நேரம் பார்க்கட்டும், ஒருவர் படம் வரைந்து குறிக்கட்டும். நான்காமவர் இருந்தால் அவருக்கு ஒரே வேலை: யார் எதைச் சொன்னாலும் "உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்பது.

ஒவ்வொருவரும் ஒரு கையைக் கல்லிலும் மறு கையைப் பலகையிலும் வைத்து, மெதுவாகப் பத்து வரை எண்ணட்டும். எது குளிர்ச்சி? எல்லோரும் கல்லைத்தான் காட்டுவார்கள். சரி, இப்போது கேள்வி: இரண்டிலும் ஐஸ் வைத்தால் எது முதலில் உருகும்?

பதிலைப் பேசாமல், தனித்தனியாக, காரணத்தோடு எழுதச் சொல்லுங்கள். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். முதலில் பேசவிட்டால் குரல் பெரிய பிள்ளையின் பதில் எல்லோருடைய பதிலாகிவிடும். எழுதிய பிறகு ஒருவருக்கொருவர் படித்துக்காட்டி வாதாடட்டும். மனம் மாறினால் பழையதை அழிக்காமல் பக்கத்தில் புதியதை எழுதட்டும்.

பெரும்பாலும் "பலகையில்தான் முதலில் உருகும், கல் ஜில்லென்று இருப்பதால் ஐஸைக் காப்பாற்றும்" என்றே எழுதுவார்கள். சரி, தவறு என்று உங்கள் முகம்கூடக் காட்டிக்கொடுக்க வேண்டாம்.

சோதிப்பது

மின்விசிறியை நிறுத்துங்கள். இரண்டு கட்டிகளையும் ஒரே நேரத்தில் நடுவில் வைக்கட்டும். ஒவ்வொரு நிமிடமும் கட்டியின் அளவையும் தண்ணீர் பரவிய இடத்தையும் வரையட்டும். முதல் நிமிடத்திலேயே கல்லில் தண்ணீர் தேங்கத் தொடங்கும், கட்டி வழுக்கி நகரும். கல்லில் உள்ளது முழுதும் கரைந்துபோகும்போது பலகையில் உள்ளது இன்னும் கட்டியாகவே நிற்கும்.

என் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு செய்தபோது ஒரு சிறுமி கேட்டாள்: "ஆன்ட்டி, கல் சுடவே இல்லையே, அப்புறம் எப்படி உருகுது?" இதைவிட நல்ல கேள்வி கிடைக்காது. உடனே பதில் சொல்லிவிடாதீர்கள். ஐஸிலிருந்து இரண்டு விரல் தள்ளிக் கல்லைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கேயும் கல் முன்பைவிடக் குளிர்ந்திருக்கும். பலகையில் அதே தூரத்தில் தொட்டால் எந்த மாற்றமும் இருக்காது. ஐஸுக்கு நேர் கீழே மட்டும்தான் குளிர்.

விளக்குவது

அந்தத் தொடுதலிலிருந்தே விளக்கம் பிறக்கட்டும். கல் குளிர்ந்தது என்றால் அதிலிருந்த வெப்பம் எங்கே போனது? ஐஸுக்குப் போனது. ஐஸுக்கு அடியில் உள்ள இரும்பு வெப்பத்தைக் கொடுத்ததும், சுற்றியுள்ள இரும்பிலிருந்து வெப்பம் விரைந்து வந்து அந்த இடத்தை ஈடுசெய்கிறது. மரத்திலும் வெப்பம் இருக்கிறது, ஆனால் மிக மெதுவாகத்தான் வந்து சேரும். மரத்தைவிட இரும்பு நூற்றுக்கணக்கான மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும்.

அடுத்து, கை ஏன் ஏமாந்தது? வெப்பமானியை முதலில் கல்லின் மேலும் பிறகு பலகையின் மேலும் வைத்து, மடித்த துணியால் மூடிச் சில நிமிடம் கழித்துப் படியுங்கள். இதை ஐஸ் வைப்பதற்கு முன்பே, ஆனால் ஊகம் எழுதிய பிறகு செய்யுங்கள். அளவைக் குறித்து வைத்துக்கொண்டு இப்போது எடுத்துக் காட்டுங்கள். இரண்டும் ஒரே வெப்பநிலை. கல் நம் கையிலிருந்து வெப்பத்தை வேகமாக இழுத்ததால் ஜில்லென்று தோன்றியது. கை உணர்ந்தது கல்லின் வெப்பநிலையை அல்ல, தன்னிடமிருந்து வெப்பம் போகும் வேகத்தை.

"குட் கண்டக்டர்" என்று ஒரு பிள்ளை சட்டென்று சொன்னால் பாராட்டிவிட்டு, அந்தச் சொல் இல்லாமல் மறுபடி சொல்லச் சொல்லுங்கள். வெப்பம் எங்கிருந்து எங்கே போனது என்று சொன்னால்தான் புரிந்திருக்கிறது. "கல்லின் குளிர் ஐஸுக்குள் போனது" என்று யாராவது சொன்னால், "அப்படியானால் ஐஸ் இன்னும் உறைந்திருக்க வேண்டாமா?" என்று கேளுங்கள்.

விளக்கம் தாங்குகிறதா என்று பார்க்க

மீதி இரண்டு கட்டிகளைத் தனித்தனிப் பிளாஸ்டிக் பைகளில் போட்டு, ஒன்றை உலர்ந்த துண்டில் நன்றாகச் சுற்றி, இரண்டையும் மேசைமேல் வைக்கலாம். மறுபடியும் முதலில் ஊகம், அப்புறம்தான் சோதனை. துண்டு சூடு தரும் என்று நினைப்பவர்கள் சுற்றிய ஐஸ் முதலில் உருகும் என்பார்கள். வெப்பம் நகர்வதை வைத்து யோசிப்பவர்கள் மாற்றிச் சொல்வார்கள். சுற்றாததுதான் முதலில் உருகும். பை எதற்கென்றால், துண்டு நனைந்தால் அதற்குள் இருந்த காற்றின் இடத்தில் தண்ணீர் வந்துவிடும், தடுக்கும் வேலை குறைந்துவிடும்.

நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் சுற்றாத பையின் வெளிப்புறத்தில் நீர்த்துளிகள் படியும். "பை ஓட்டை" என்று பிள்ளைகள் சொல்லக்கூடும். அந்த நீர் காற்றிலிருந்து வந்தது. அது எப்படித் தெரியும் என்று அவர்களையே கேளுங்கள். தண்ணீரில் கொஞ்சம் மஞ்சள்தூள் கலந்து உறைய வைத்த கட்டியோடு திரும்பச் செய்து பார்க்கலாம். வெளித்துளிகளில் மஞ்சள் இருக்காது.

எல்லாம் முடிந்ததும் தோசைக்கல்லை உடனே துடைத்து, அடுப்பில் லேசாகச் சூடேற்றி ஈரத்தைப் போக்கி, எண்ணெய் தடவி வையுங்கள். தண்ணீரோடு விட்டால் அன்றைக்கே துருப்பிடிக்கத் தொடங்கிவிடும்.